ஒரு 'சார்' போதும்



வேலைக்குப் போன பிள்ளைகள் சிலர், மேலதிகாரிக்கு எழுதும் இங்கிலீஷ் மெயிலை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டுவதுண்டு. அதில் வாக்கியத்துக்கு ஒரு 'சார்' இருக்கும். ஏன் இப்படி வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன்.

நம் தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. வாங்க, சொல்லுங்க, பாருங்க. 'ங்க' இல்லாவிட்டால் வாய் கூசும். இங்கிலீஷில் அந்த 'ங்க' கிடையாது. 'கம்' என்றால் வா என்றும் ஆகும், வாங்க என்றும் ஆகும். அந்தக் குறையை நிரப்பத்தான் நம் பிள்ளைகள் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் 'சார்' கட்டுகிறார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் படிக்கிறவருக்கு அது 'ங்க'வாகக் கேட்காது. கை கட்டி நிற்பதாகத்தான் கேட்கும்.

சமீபத்தில் ஒரு பெண் காட்டிய மெயில் இது:

"ரெஸ்பெக்டட் சார், குட் மார்னிங் சார். சார், மை மதர் இஸ் ஹேவிங் கேட்டராக்ட் ஆபரேஷன் சார். சோ ஐ நீட் லீவ் சார். கைண்ட்லி கிவ் பெர்மிஷன் சார். ஸாரி ஃபார் த டிஸ்டர்பன்ஸ் சார். தேங்க் யூ சார்."

எட்டு 'சார்' இருக்கிறது. என்றைக்கு ஆபரேஷன், எத்தனை நாள் லீவு, அவள் வேலையை யார் பார்ப்பார்கள் என்பது மட்டும் இல்லை. அந்த அதிகாரி திருப்பிக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் முடிவு சொல்ல முடியும். அம்மாவின் ஆபரேஷனோ நெருங்கிவிட்டது.

இருவருமாக உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

"டியர் சார், மை மதர் இஸ் ஹேவிங் கேட்டராக்ட் சர்ஜரி திஸ் தர்ஸ்டே. மே ஐ டேக் லீவ் ஆன் தர்ஸ்டே அண்ட் ஃப்ரைடே? ஐ வில் ஃபினிஷ் த மன்த்லி ரிப்போர்ட் பை வெட்னஸ்டே ஈவ்னிங். மை கொலீக் ஹேஸ் அக்ரீட் டு டேக் மை கால்ஸ். தேங்க் யூ."

ஒரே ஒரு 'சார்', அதுவும் தொடக்கத்தில். மரியாதை குறைந்ததா? கூடித்தான் இருக்கிறது. 'மே ஐ' என்று அனுமதி கேட்டாயிற்று. அவர் ஒரே வரியில் பதில் போடும்படி விவரமெல்லாம் கொடுத்தாயிற்று. அம்மாவுக்கு ஆபரேஷன் என்பது 'டிஸ்டர்பன்ஸ்' இல்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையும் இல்லை.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். எழுதி முடித்ததும், முதல் வரியைத் தவிர மற்ற எல்லா 'சார்', 'மேடம்'களையும் அடித்துவிட்டுப் படியுங்கள். ஏதாவது ஒரு வாக்கியம் அதட்டுவதுபோல் கேட்டால், கோளாறு அந்த வாக்கியத்தில் இருக்கிறது. "செண்ட் த ஃபைல் டுடே சார்" என்பதில் 'சார்' போனால் வெறும் கட்டளைதான் மிஞ்சும். "குட் யூ ப்ளீஸ் செண்ட் த ஃபைல் டுடே?" என்று எழுதிவிட்டால் 'சார்' இல்லாமலே பணிவாக நிற்கும். குட், வுட், மே இவைதான் இங்கிலீஷின் 'ங்க'.

அதற்காக 'சார்' என்பதையே விட்டுவிடாதீர்கள். விளிப்பே இல்லாமல் மொட்டையாக விஷயத்தைத் தொடங்குவதும் மரியாதைக் குறைவுதான். அரசு அலுவலகம், போலீஸ் போன்ற இடங்களில் 'சார்', 'மேடம்' என்பது அங்குள்ள நடைமுறை. அங்கே தொடக்கத்தில் ஒன்று கட்டாயம் வேண்டும். மெயில் நீளமாக இருந்தால் முடிவில் 'தேங்க் யூ, சார்' என்று இன்னொன்றும் தப்பில்லை. வெளிநாட்டுக் கம்பெனியில் 'டியர்' போட்டுப் பெயர் எழுதுவதே வழக்கமாக இருக்கலாம். உங்கள் மேலதிகாரி தம் மெயிலின் கீழே எப்படிக் கையெழுத்திடுகிறார், மற்றவர்கள் அவரை எப்படி விளிக்கிறார்கள் என்று பார்த்து அப்படியே எழுதுங்கள்.

பழைய கடித முறையில் ஒன்று நினைவிருக்கட்டும். 'டியர் சார்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'. பெயர் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. ஆணா பெண்ணா என்று தெரியாதபோது 'டியர் சார் ஆர் மேடம்' என்று போடலாம். முழுப் பெயர் தெரிந்தால் அதையே எழுதுவது இன்னும் நல்லது.

எழுதி வைத்து, அனுப்பத் தயங்கும் மெயில் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மை இன்னும் தீரவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்