காட்டுப் பாதையில் திறக்காத கோப்புகள்

கெமாஸில் இரயில் ஏறியபோது என் கைத்தொலைபேசியில் ஒன்பது கோப்புகள் இருப்பதாகவே நம்பியிருந்தேன். மறுநாள் காலை கோத்தா பாருவில் ஒரு மாணவர் கருத்தரங்கில் கட்டுரை படைக்க வேண்டும். தும்பாட் வரை செல்லும் அந்தக் கிழக்குக் கரைத் தடம் ஒற்றைத் தண்டவாளம். பெரும்பாலும் காடும் தோட்டமும்தான். இரவு முழுவதும் பயணம் என்பதால், விழித்திருந்து படித்துவிடலாம் என்பது என் கணக்கு.

கோலா லிப்பிஸ் தாண்டியதும் அலைவரிசைக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கூகல் டிரைவைத் திறந்தேன். ஒன்பது பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன. முதல் கோப்பு திறந்தது. இரண்டாவதில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாவதும் அப்படித்தான். எதிரில் அமர்ந்திருந்த பெரியவர், "என்ன தம்பி, லைன் இல்லையா? குவா மூசாங் வந்தா கொஞ்சம் கிடைக்கும்" என்றார். கிடைத்தது; ஒரு கோப்பு பாதி இறங்குவதற்குள் இரயில் மீண்டும் காட்டுக்குள் நுழைந்துவிட்டது. அச்செடுத்திருந்த இரண்டு தாள்களை வைத்துக்கொண்டுதான் அன்று காலை பேசி முடித்தேன். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தேவைப்பட்ட அட்டவணை, திறக்காத நான்காவது கோப்பில் இருந்தது.

தவறு என்னுடையதுதான். நிலையத்துக்கு வரும் பேருந்தில், ஒவ்வொரு கோப்பின் மூன்று புள்ளிகளையும் தொட்டு `Make available offline` என்பதை அழுத்தியிருந்தேன். ஆனால் டேட்டாவை மிச்சப்படுத்த `Transfer files only over Wi-Fi` என்ற அமைப்பை எப்போதோ இயக்கியிருந்ததை மறந்துவிட்டேன். பேருந்தில் ஏது வைஃபை? கோப்புகள் வரிசையில் காத்துக் கிடந்தனவே தவிர, எதுவும் இறங்கவில்லை. முதல் கோப்பு திறந்ததற்குக் காரணம், அதை அன்று மதியம்தான் பார்த்திருந்தேன். அதன் தற்காலிகப் பிரதி கைத்தொலைபேசியில் மிச்சமிருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. பட்டியலில் பெயர் தெரிவது வேறு, கோப்பு கையில் இருப்பது வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது முதல் நாள் இரவே விடுதி வைஃபையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் இறங்கியபின் விமானப் பயன்முறைக்கு மாற்றினேன். சில கைத்தொலைபேசிகளில் அந்த முறையிலும் வைஃபை இயங்கிக்கொண்டிருக்கும். ஆகவே அதையும் தனியாக அணைத்தேன். பிறகு செயலியை மூடித் திறந்து, ஒவ்வொரு கோப்பின் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். ஏழு திறந்தன. ஒன்று, நண்பன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வெறும் இணைப்பு, கோப்பே அல்ல. இன்னொன்று பெரிய ஒலிப்பதிவு, பாதிதான் இறங்கியிருந்தது. இரண்டையும் சரிசெய்து, மிக அவசியமான கட்டுரையை மட்டும் `Download` செய்து தனியாகவும் வைத்துக்கொண்டேன். டிரைவ் செயலிக்குள் இருக்கும் பிரதி, கணக்கிலிருந்து வெளியேறினால் போய்விடும் அல்லவா?

டாபோங் அருகே, கோடுகளே இல்லாத இருளில், அந்த ஒலிப்பதிவை முழுவதும் கேட்டேன்.