எந்தக் கசிவு என்று நான் கேட்கவில்லை

‘எண்ணெய் கசிவுக்குப் பிறகு ஆற்றுக்குப் போவதை விட்டுவிட்டார்கள்’ என்று என் ஆய்வு மாணவர் எழுதியிருந்தார். நான் சிவப்பு மையால் ஒரு ‘க்’ சேர்த்தேன். எண்ணெய்க் கசிவு. ஒற்று சரியாகிவிட்டது என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

எந்தக் கசிவு என்று கேட்கவில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கடலில் கொட்டிக் கரைக்கு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் பரவியது. முதலாவது கடலைத் தாக்கியது, இரண்டாவது ஆற்றைத் தாக்கியது. ஆற்று மீன்பிடிப்பைப் பற்றிய ஆய்வேட்டில் இது தெரியாமல் அந்த வரிக்குப் பொருளே இல்லை. குப்பத்தில் யாரைக் கேட்டாலும் ‘எண்ணெய் வந்தப்ப’ என்றுதான் சொல்வார்கள். எந்த வருடம் என்று பிரித்துக் கேட்கவேண்டியது ஆய்வாளர் வேலை. அதை அவருக்கு நினைவூட்டவேண்டியது நெறியாளரான என் வேலை. அதைச் செய்யாமல் ஒற்றுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். மாணவர் எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவு வேலை பார்த்துக்கொண்டே பகலில் ஆய்வு செய்தார். 2024 ஜூனில் முதல் இயலைக் கொண்டுவந்தார். 54 பக்கம். முதல் 19 பக்கம் ராயபுரத்தின் பழைய கதை: 1856இல் திறந்த ரயில் நிலையம், துறைமுகம், காசிமேடு. அடுத்த 11 பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழம் குறைந்தது பற்றி. ஆய்வுக் கேள்வி 31ஆம் பக்கத்தில்தான் வந்தது: ‘கழிமுகத்தில் மீன்வளம் ஏன் குறைந்தது?’ அதற்குப் பிறகு, ஆற்றோரக் குப்பங்களில் 38 குடும்பங்களிடம் அவர் எடுத்த நேர்காணல்களின் அறிமுகம்.

கோளாறு இங்கேதான். மீன்வளம் ஏன் குறைந்தது என்பதற்கு நீரையும் சேற்றையும் சோதிக்கவேண்டும், பல ஆண்டுப் பிடிப்புக் கணக்கு வேண்டும். அவர் கையில் இருந்ததோ, யார் எப்போது ஆற்றை விட்டார்கள், யார் காசிமேட்டுப் படகில் ஏறினார்கள், யார் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போனார்கள், வீட்டுப் பெண்கள் என்ன செய்தார்கள் என்ற விவரம். மிக நல்ல தரவு. ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில்: ‘ஆறு கைவிட்டபோது குடும்பங்கள் தொழிலை எப்படிப் பிரித்துக்கொண்டன?’ கேள்வி ஒரு பக்கம், சான்று இன்னொரு பக்கம் என்று நின்ற இயல் அது.

நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பேனா கையில் இருந்தால் கண் பிழையைத்தான் தேடும். சந்திப்பிழை, ஒருமை பன்மை மயக்கம், நீண்ட வாக்கியம் என்று ஒவ்வொன்றாக எண் போட்டுக்கொண்டே போனேன். 31ஆம் பக்கத்துக்கு வந்தபோது ஏதோ இடறியது. ஓரத்தில் ‘கேள்வி தெளிவாக இல்லை’ என்று எழுதினேன். அது 147ஆவது குறிப்பு. 146ஆவது ‘ப்’ விடுபட்டது பற்றி, 148ஆவது மேற்கோள் குறி பற்றி.

மாணவர் எல்லாவற்றையும் திருத்தி ஆகஸ்டில் கொண்டுவந்தார். மீண்டும் திருத்தினேன். அக்டோபரில் மூன்றாம் வரைவு. டிசம்பரில் ஆய்வுக் குழு கூடியபோது ஒரு உறுப்பினர் கேட்ட முதல் கேள்வியே, “இந்த நேர்காணலை வெச்சுக்கிட்டு மீன் ஏன் குறைஞ்சதுன்னு எப்படிப்பா சொல்லுவ?” என்பதுதான். மாணவர் என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும், “நீங்களும் எழுதியிருந்தீங்க ஐயா, கேள்வி தெளிவா இல்லைன்னு. அதான் ஒரு வாக்கியம் சேர்த்தேன்” என்றார்.

அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. 147ஐ 146 அளவுக்குத்தான் நான் காட்டினேன், அவரும் அந்த அளவுக்குத்தான் வேலை செய்தார். அமெரிக்காவில் நான்சி சாமர்ஸ் என்ற ஆய்வாளர் 1982இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொல்கிறது: வாக்கியத்தைச் செப்பனிடு என்றும், சிந்தனையை மாற்று என்றும் ஒரே ஓரத்தில் ஒரே குரலில் ஆசிரியர் எழுதினால், எது முக்கியம் என்று மாணவருக்குத் தெரியாது. அந்தக் கட்டுரையை நான் முன்பே படித்தவன். மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவன்.

பிறகு ஏன் அப்படிச் செய்தேன்? ஒற்றுப் போடுவது எனக்குச் சுலபம். எவ்வளவு களைப்பிலும் வரும், செய்தது பக்கத்தில் சிவப்பாகத் தெரியும், உழைத்த நிறைவும் கிடைக்கும். கேள்வியும் தரவும் பொருந்தவில்லை என்று சொல்ல, 54 பக்கத்தையும் மனத்தில் ஒன்றாக நிறுத்திப் பார்க்கவேண்டும். அதைவிட, இரவு வேலை பார்க்கும் பிள்ளையிடம் ‘முதல் 19 பக்கம் வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். அதைத் தவிர்த்தேன். தவிர்த்ததால் அந்த 19 பக்கத்தை அவர் இரண்டு முறை திருத்தினார். கடைசியில் அதில் இரண்டு பத்திதான் நின்றது. ஒவ்வொரு முறை மெருகேறும்போதும் அந்தப் பக்கங்கள் அவருக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டன. முதல் வரைவில் எளிதாக விட்டிருப்பார். மூன்றாவதில் கண்ணீரோடு விட்டார்.

ஜூனில் நான் கொடுத்திருக்கவேண்டியது ஒரு பக்கக் கடிதம். மூன்றே குறிப்பு. ஒன்று: உங்கள் கேள்வி மீனைப் பற்றி, தரவு குடும்பங்களைப் பற்றி, 38 நேர்காணலும் பதில் சொல்லக்கூடிய கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி வாருங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம். இரண்டு: அந்தக் கேள்வி மூன்றாம் பக்கத்துக்குள் வரவேண்டும், ராயபுர வரலாற்றில் அதற்குத் தேவையானது மட்டும் இருக்கட்டும். மூன்று: 2017, 2023 கசிவுகளைப் பிரித்து, ஒவ்வொரு குடும்பமும் எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் ஆற்றை விட்டது என்று குறியுங்கள். ஒற்றைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

இப்போது முதல் வாசிப்பில் பேனா எடுப்பதில்லை. முடித்தபின் இயலை மூடிவைத்து, இதன் கேள்வி என்ன, பதில் என்ன, சான்று என்ன என்று மூன்று வரி எழுதிப் பார்க்கிறேன். எழுத வரவில்லை என்றால் கோளாறு அமைப்பில். அடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் ‘இது இங்கே என்ன செய்கிறது’ என்று ஒரு வரி. அந்த வரிகளை மட்டும் தொடர்ந்து படித்தால் எது இடம் மாறியிருக்கிறது, எது தேவையே இல்லை என்று தெரிந்துவிடும். அமைப்பு நின்ற பிறகுதான் மொழித்திருத்தம். அதுவும் ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகத் திருத்தி, திரும்பத் திரும்ப வரும் இரண்டு மூன்று பிழை வகைகளைக் காட்டினால் போதும், மிச்சத்தை மாணவரே செய்துகொள்வார். இரண்டை மட்டும் தள்ளிப்போடக் கூடாது: மேற்கோள் குறியில்லாமல் எடுத்த வரியையும், பொருளே புரியாத வாக்கியத்தையும். புரியாததை நானாகத் திருத்தாமல், எதிரே உட்காரவைத்து வாயால் சொல்லச் சொல்கிறேன். பல சமயம் அந்த வாக்கியத்துக்குள்தான் அமைப்புக் கோளாறு ஒளிந்திருக்கிறது.

மாணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். புதிய இயலை எழுதிவிட்டார். குடும்பங்களைக் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் 2017க்கு முன்பே, சாம்பலால் ஆழம் குறைந்தபோதே ஆற்றை விட்டவர்கள் என்று தெரிந்தது. நான் ‘க்’ போட்டு அழகாக்கிய அந்த வரி, ஒற்றோடு சேர்ந்து, தகவலாகவே தவறு.