160 பேர், ஒரு நம்பர்

ஆயர் ஈத்தாம் மாதிரி ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பார்கள். முகம் தெரிவது வேறு, நம்பர் தெரிவது வேறு.

எங்கள் வட்டாரத்து ஆலயம் ஒன்றில் திருவிழாத் தொண்டர்களுக்குப் புலனக் குழு ஆரம்பித்தார்கள். 160 பேர், பாதிக்கு மேல் பெண்கள். மூன்றாம் நாளே ஒரு கல்லூரி மாணவிக்கு, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து "சாப்டாச்சாம்மா?" என்று தனி மெசேஜ். அவரும் அதே குழுவில்தான் இருந்தார். எதையும் அவர் திருடவில்லை. உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் எல்லார் எண்ணும் இருக்கும், அவ்வளவுதான். அவள் குழுவை விட்டு வெளியேறிவிட்டாள். எண் அவர் போனிலேயே தங்கிவிட்டது.

நம் நாட்டில் அந்த எண் இன்னொரு கதவையும் திறக்கும். அதை டூயிட்நவ்வில் பதிந்திருந்தால், வங்கிச் செயலியில் தட்டியதும், காசு அனுப்புவதற்கு முன்பே கணக்குக்காரர் பெயர் திரையில் வரும். சிலருக்கு a/p போட்டு அப்பா பெயரோடு. புலனத்தில் பூப்படமும் ஒற்றை எழுத்தும் வைத்து ஒளிந்திருந்து என்ன பயன்?

"நீ எஞ்சினியர்தானே தம்பி, ஏதாச்சும் பண்ணு" என்றார் சமையல் பொறுப்பிலிருந்த அக்கா. பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டோம். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் அது அக்கா தனியாக அனுப்பியது போலவே போய்ச் சேரும். பதிலும் அக்காவுக்கு மட்டும்தான். யார் எண்ணும் யாருக்கும் தெரியாது.

ஆனால் அக்காவின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்த மெசேஜ் போகும். மற்றவர்களுக்குப் போகவில்லை என்று புலனம் எச்சரிக்காது. அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால்தான் தெரியும். மறுநாள் வரை காத்திருந்து பார்த்தோம். 97 பேருக்குத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. மீதி 63 பேரையும் கூப்பிட்டு, "என் நம்பர சேவ் பண்ணிக்கம்மா" என்று சொல்ல அக்காவுக்கு இரண்டு ராத்திரி ஆனது.

இன்னொன்றும் போனது. குழுவில் ஒருவர் "காய் நறுக்க நான் வர்றேன்" என்றால் மற்றவர்கள் பார்த்து வேறு வேலை எடுத்துக்கொள்வார்கள். இங்கே யார் எதற்கு வருகிறார் என்று அக்காவே குறித்து, அவரே திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. குழுவில் 160 பேரும் ஆளுக்கொரு எண் கொடுத்துக் கட்டிய விலையை, லிஸ்டில் ஒருவர் தன் நேரத்தைக் கொடுத்துக் கட்டுகிறார்.

2022இல் வந்த கம்யூனிட்டி வசதி நடுவழி. அதன் அறிவிப்புப் பகுதியில் ஒருவரின் எண் அட்மின்களுக்கும், ஏற்கெனவே அதைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும். யாரும் யாரையும் சேமித்திருக்க வேண்டியதில்லை. அதற்குள் இருக்கும் சிறு குழுக்களில் சேர்ந்தால் மட்டும் பழைய கதைதான். இப்போது அறிவிப்பு அங்கே போகிறது. காய் நறுக்கும் எட்டுப் பேருக்குத் தனிக் குழு, ஒவ்வொருவரையும் கேட்ட பிறகு.

பெயரும் எண்ணும் எழுதும் தாள் மட்டும் இன்னும் அர்ச்சனைச் சீட்டு மேசையில் திறந்தேதான் கிடக்கிறது.