குப்பைத் தொட்டியைக் கொட்டிய பின்னரும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது, அலமாரிகளில் இருந்த பத்திரங்களும் சான்றிதழ்களும் குடும்ப அட்டைகளும் நனைந்து கூழாயின. இழந்த ஆவணங்களுக்கு மாற்றுப் பிரதி வழங்க அரசு சிறப்பு முகாம்களை நடத்திற்று. அதன் பின்னர், எதையும் கணிப்பொறிக் கோப்பாக வைத்துக்கொண்டு வேண்டும்போது அச்சிடும் வழக்கம் எங்கள் பகுதியில் நன்றாக வேரூன்றிவிட்டதைக் கண்டேன். தாம்பரம் நிலையத்தின் இருபுறமும், சேலையூர், குரோம்பேட்டை வரையிலும் உள்ள கணிப்பொறி மையங்களில் இன்று நிகழ்வது பெரும்பாலும் அதுவே. கல்வி உதவித்தொகைக்கு மாணவி ஆதாரை இறக்குகிறாள். ஹஜ் விண்ணப்பத்திற்குப் பெரியவர் கடவுச்சீட்டின் முதற்பக்கத்தை ஏற்றுகிறார். வேலை முடிந்ததும் இருவரும் எழுந்து சென்றுவிடுகின்றனர். கோப்பு மட்டும் அங்கேயே இருக்கிறது.

ஆதார் ஆணையம் இதனை அறியாமல் இல்லை. மின் ஆதாரை இறக்கப் பொதுக் கணிப்பொறியைத் தவிர்க்குமாறும், பயன்படுத்த நேர்ந்தால் இறக்கிய பிரதிகள் அனைத்தையும் நிரந்தரமாக நீக்கிவிடுமாறும் அது கூறியுள்ளது. ‘நிரந்தரமாக’ என்னும் அச்சொல்லின் பொருளை ஆராய்வதே என் நோக்கம்.

கிழக்குத் தாம்பரத்தில் எனக்குப் பழக்கமான ஒரு மையத்தின் உரிமையாளரிடம் இதுபற்றிப் பேசினேன். “சார், தினமும் கடையைப் பூட்டும்போது டவுன்லோட்ஸ் முழுவதையும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் கொட்டிவிடுகிறேனே!” என்றார். அவர் கூறியது உண்மை, நேர்மையான மனிதர். அவருடைய இசைவுடன், அவர் முன்னிலையிலேயே, அழிந்த கோப்புகளைத் தேடித் தரும் ரெக்குவா என்னும் மென்பொருளை ஒரு பென் டிரைவிலிருந்து இயக்கினோம். அது 320 ஜிபி கொள்ளளவுள்ள சுழலும் வன்தட்டு கொண்ட பழைய கணிப்பொறி. பட்டியல் திரையில் விரிந்தபோது, EAadhaar எனத் தொடங்கும் பெயர்கள் வரிசையாக வந்தன. பலவற்றின் எதிரே, மீட்கத்தக்க நிலையில் உள்ளன என்பதற்கான பச்சைப் புள்ளி இருந்தது.

இது எங்ஙனம் நேர்கிறது? நம் நூலகத்தின் பழைய அட்டைப் பட்டியலை நினைத்துக்கொள்க. விண்டோசில் ஒரு கோப்பை அழித்தால், அதன் அட்டை ‘நீக்க வேண்டியவை’ என்னும் வேறொரு பெட்டிக்கு மாறுகிறது, அவ்வளவே. ரீசைக்கிள் பின்னைக் கொட்டினால் அந்த அட்டையும் செல்லாததாகக் குறிக்கப்படுகிறது. நூல் இருந்த இடம் காலியெனக் கருதப்படுகிறது. ஆனால் நூலை எவரும் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. புதிய நூல் ஒன்று வந்து அதே இடத்தில் அமரும்வரை பழையது அங்கேதான் கிடக்கும். வட்டில் வெற்றிடம் மிகுதியாக இருப்பின், அதற்கு மாதங்களும் ஆகலாம். Shift விசையுடன் சேர்த்து Delete அழுத்துவோர் முதற்பெட்டியைத் தாண்டிச் செல்கின்றனரேயன்றி, இந்த நிலை மாறுவதில்லை. அவசரத்தில் செய்யும் ‘குவிக் பார்மட்’டும் இத்தகையதே; அது பட்டியலைப் புதிதாக எழுதுகிறது, அலமாரிகளைத் தொடுவதில்லை.

மின் ஆதாருக்குக் கடவுச்சொல் உண்டே என்று சிலர் ஆறுதல் கொள்வர். அக்கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. பெயர் தெரிந்தவர் நூறு ஆண்டுகளை ஒவ்வொன்றாக முயன்றாலே பூட்டு திறந்துவிடும். கடவுச்சீட்டின் படத்திற்கோ, வங்கிப் புத்தகத்தின் படத்திற்கோ அந்தப் பூட்டும் இல்லை.

அன்று என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது வேறொன்று. பிளாஸ்டிக் அட்டையாக அச்சிட்டுத் தரும்போது, கோப்பைக் கடவுச்சொல் இட்டுத் திறந்து, அட்டைப் பகுதியை மட்டும் வெட்டிப் படமாகச் சேமிப்பது கடைகளின் வழக்கம். அப்படங்கள் 1, 2, ‘புதிது’ என்ற பெயர்களில் வேறொரு கோப்புறையில், பூட்டேதும் இன்றிக் கிடந்தன. இவை அழிக்கப்பட்டவையே அல்ல! மூலக்கோப்பை எவ்வளவு முறையாக அழித்தாலும் இந்தப் படத்திற்கு ஒன்றும் நேராது. வாட்ஸ்அப் வழியாக அனுப்பி அச்சிடுவோருக்கும் இதே நிலைதான். தம் கைபேசியில் ‘அனைவருக்கும் அழி’ என்று அழுத்திவிட்டு நிம்மதி அடைகின்றனர். கடையின் கணிப்பொறியில் ஏற்கெனவே சேமித்த பிரதியை அது தொடாது. ஆகவே, அழிக்கும் வேலை பிரதிகளைத் தேடுவதில் தொடங்குகிறது.

தேடி அழித்த பின்னர், காலியெனக் கருதப்படும் இடத்தின்மீது வேறெதையேனும் எழுதியாக வேண்டும். அதற்கான கட்டளை விண்டோசிலேயே உள்ளது. மற்ற செயலிகளை எல்லாம் மூடிவிட்டு, நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைத் திரையில் இதனைத் தட்டச்சு செய்தோம்:

```
cipher /w:C:\
```

இக்கட்டளை இருக்கும் கோப்புகளைத் தொடுவதில்லை; வெற்றிடத்தை மட்டும் மூன்று சுற்றுகளில் நிரப்புகிறது. முதலில் சுழியங்கள், அடுத்து அவற்றின் எதிர்மதிப்பு, இறுதியில் ஒழுங்கற்ற எண்கள். வெற்றிடம் 200 ஜிபிக்கு மேல் இருந்தமையால், கடை விடுமுறையின் முந்தைய இரவில் தொடங்கினோம். காலையில் மீண்டும் ரெக்குவாவை இயக்கிப் பார்த்தோம். சில பெயர்கள் அப்போதும் எஞ்சியிருந்தன. இக்கட்டளை பட்டியலில் உள்ள பெயர்களைத் துடைப்பதில்லை. ஆனால் நாங்கள் மீட்டெடுத்துப் பார்த்த கோப்புகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. உள்ளே பொருளற்ற எண்களே நிரம்பியிருந்தன. சோதனை என்பது இதுதான்: பெயர் தெரிகிறதா என்பதன்று, உள்ளடக்கம் திறக்கிறதா என்பதே.

ஒரேயொரு கோப்பிற்காக இரவு முழுவதும் காத்திருக்க வேண்டியதில்லை. மைக்ரோசாப்டின் சிசின்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள எஸ்டெலீட் என்னும் சிறு கருவி, குறித்த கோப்பின் உள்ளடக்கத்தின்மேல் எழுதி, பெயரையும் பலமுறை மாற்றிய பிறகே நீக்குகிறது. ஆனால் அதனை முதலிலேயே பயன்படுத்த வேண்டும். வழக்கம்போல் அழித்துவிட்டுப் பிறகு நினைவுகூர்ந்தால், குறித்துக் காட்டக் கோப்பு இராது.

இவையெல்லாம் சுழலும் வன்தட்டிற்கே பொருந்தும். புதிய கணிப்பொறிகளில் உள்ள எஸ்எஸ்டி வகையின் இயல்பு வேறு. அது, தேய்மானத்தைப் பரவலாக்குவதற்காக, பழைய இடத்தில் எழுதாமல் வேறிடத்தில் எழுதும். மேலெழுதுதல் உரிய இடத்தில் விழுந்ததா என்பதற்கு உறுதியில்லை. அங்கே ட்ரிம் என்னும் ஏற்பாடுதான் துணை. தொட்டியைக் கொட்டியதும் இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று விண்டோஸ் வட்டிற்குத் தெரிவிக்க, வட்டு தானே அவற்றைத் துடைத்துக்கொள்கிறது. அது இயங்குகிறதா என்பதை இங்ஙனம் காணலாம்:

```
fsutil behavior query DisableDeleteNotify
```

விடை 0 என வந்தால், ட்ரிம் கட்டளை அனுப்பப்படுகிறது என்று பொருள். பென் டிரைவ்களில் பெரும்பாலும் இவ்வசதி இராது. அவற்றில் அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னுக்கும் செல்வதில்லை. அழிந்ததுபோல் தோற்றம் அளித்து அங்கேயே தங்கும்.

என் மாணவர்களுக்கு நான் கூறுவது எளிய வழி. ஆதாரைத் தம் கைபேசியிலேயே இறக்கிக்கொள்ளட்டும். இயன்றவிடத்தில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தேர்ந்தெடுக்கட்டும். அச்சிட வேண்டின் பென் டிரைவில் எடுத்துச் சென்று, கணிப்பொறியில் படியெடுக்காமல், அதிலிருந்தே திறந்து அச்சிடச் சொல்லலாம். அச்சு வரிசைக்கான தற்காலிகக் கோப்பு அப்போதும் உருவாகும். அச்சு முடிந்ததும் அதுவும் சாதாரண முறையில்தான் அழிகிறது. எனினும் டவுன்லோட்ஸில் ஒரு மூலப்பிரதி கிடப்பதைவிட இது மேல்.

அந்த உரிமையாளர் அடுத்த மாதம் புதிய கணிப்பொறி வாங்கினார். பழையதற்கு ஒருவர் விலை பேசியபோது, வன்தட்டைக் கழற்றிக்கொண்டு மீதியை மட்டும் கொடுத்தார். வெட்டிய படங்கள் இருந்த கோப்புறையைப் புதியதில் அவர் உருவாக்கவே இல்லை. அட்டை அச்சானதும் சேமிக்காமல் மூடிவிடுமாறு கடைப் பையனிடம் சொல்லியிருக்கிறார்.