‘தேவதை’ என்ற சொல்லை அடித்த பிறகு

டிஸ்சார்ஜ் சீட்டுக்காகக் காத்திருந்தபோது ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். மேலே ‘உங்கள் கருத்து’ என்று அச்சிட்டிருந்தது. ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரங்கள், கடைசியில் எழுதுவதற்கு நான்கு கோடுகள். பதினொரு நாள் அம்மாவின் கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு நான்கு கோடுகள் போதவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன்.

முதலில் எழுதியது இது: “வெள்ளுடை தேவதைகளுக்கு நன்றி. பெற்ற மகளைவிட மேலாக என் அம்மாவைக் கவனித்து உயிரைக் காப்பாற்றினீர்கள். அன்றிரவு டாக்டர் வரும்வரை காத்திராமல் சிஸ்டர் அந்த மாத்திரையை நிறுத்தியதால்தான் அம்மா பிழைத்தார்.”

அந்தச் சிஸ்டர் முதல் வாரம் இரவுப் பணியிலும், பிறகு காலைப் பணியிலும் இருந்தவர். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தாளை அவரிடமே காட்டினேன். சிரித்துக்கொண்டே படித்தவரின் முகம் மூன்றாவது வரியில் மாறியது.

“மேடம், இந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாமே.”

“ஏம்மா, நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்?”

“நானா நிறுத்தலை மேடம். டாக்டருக்கு போன் பண்ணினேன். நிறுத்தச் சொன்னார். அவர் சொன்னதை நான் திருப்பிச் சொல்லி, சரியான்னு கேட்டுட்டு ஃபைல்ல எழுதினேன். காலையில வந்து கையெழுத்துப் போட்டார். நீங்க எழுதியிருக்கிறதைப் படிச்சா நானே முடிவு பண்ணின மாதிரி இருக்கு. என்கிட்ட விளக்கம் கேப்பாங்க.”

அவர் ஒப்பந்தத்தில் இருந்தார். அடுத்த மாதம் அதைப் புதுப்பிக்க வேண்டும். நான் பாராட்டு என்று நினைத்து எழுதிய வரி, அவர் கோப்பில் குற்றச்சாட்டாகப் போய் உட்கார்ந்திருக்கும். நாற்காலியிலிருந்து நான் பார்த்தது பாதிதான். அவர் மாத்திரை அட்டையை எடுத்து ஒதுக்கி வைத்ததைப் பார்த்தேன். நர்சுகள் மேசையிலிருந்து போன் செய்ததைப் பார்க்கவில்லை. பார்க்காத பாதியை நானே இட்டு நிரப்பி, அதற்கு நன்றியும் சொல்லியிருந்தேன்.

தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டில் எழுதிக் கொண்டுவருகிறேன் என்றேன்.

தமிழ்த் துறையில் பதினாறு ஆண்டுகளாக மாணவிகளின் கட்டுரைகளைத் திருத்துகிறேன். அன்றிரவு என்னுடைய மூன்று வரிகளைத் திருத்த உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது ‘ஆல்’ என்ற உருபு. நிறுத்தியதால் பிழைத்தார். கவனித்ததால் தேறினார். சரியான நேரத்தில் ஊசி போட்டதால் குணமானார். எது எதனால் நடந்தது என்று சொல்லும் அறிவு எனக்கு இல்லை. மருத்துவர்களே ஆய்வு முடிவுகளை வைத்துக்கொண்டு யோசித்துச் சொல்கிற ஒன்றை, இரண்டெழுத்து உருபை வைத்து நான் முடித்துவிட்டேன்.

அந்த உருபை அடிக்க இன்னொரு காரணமும் இருந்தது. எட்டாம் நாள் விடியற்காலையில் பக்கத்துக் கட்டில் காலியானது. அந்த அம்மாவுக்கும் இதே சிஸ்டர்கள்தான். அவரையும் இதே கைகள்தான் திருப்பிப் படுக்கவைத்தன, துடைத்துவிட்டன. அவருடைய மகளும் என்னைப் போலவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். நாங்கள் ஃபிளாஸ்க் வெந்நீரைப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். ‘நல்ல கவனிப்பால் என் அம்மா பிழைத்தார்’ என்று நான் எழுதினால், அவள் அம்மாவுக்குக் கவனிப்பு போதவில்லை என்றுதானே பொருள்? அது பொய். கவனிப்பு இரண்டு கட்டிலுக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. அம்மாவின் உடல் தேறியிராவிட்டாலும் அந்தச் சிஸ்டருக்கு என் நன்றி இதே அளவு உண்டு. அப்படியானால் நன்றியை நலத்தோடு முடிச்சுப் போடாமல் எழுதத் தெரிய வேண்டும்.

அடுத்து அடித்தது ‘தேவதை’. மே 12, ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள், உலகச் செவிலியர் நாள். ஆண்டுதோறும் மேடைகளில் இந்தச் சொல்லைக் கேட்கிறோம். நைட்டிங்கேலையே நாம் கையில் விளக்கோடுதான் நினைவில் வைத்திருக்கிறோம். கிரீமியப் போரில் இறந்த படைவீரர்களின் கணக்கைத் தொகுத்து, பார்த்த மாத்திரத்தில் புரியும்படி வட்ட வரைபடமாக வரைந்தவர் அவர் என்பது அந்த விளக்கின் பின்னால் மறைந்துவிட்டது. தேவதைக்குப் பணிநேரம் கிடையாது, சம்பளம் கிடையாது, கால்வலி கிடையாது. நான் இருந்த வார்டில் இரவில் இருபத்து நான்கு கட்டில்களுக்கு இரண்டு சிஸ்டர்கள். தேவதை என்று எழுதிவிட்டால் அந்த இரண்டு என்ற எண்ணைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.

‘பெற்ற மகளைவிட’ என்பதும் போனது. பெண் செய்யும் வேலை எதுவானாலும் அதை உறவாக்கிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அகப்பாடல்களில் வரும் செவிலி, தலைவியை வளர்த்த தாய். அந்தச் சொல்லிலிருந்துதான் இன்றைய ‘செவிலியர்’ வந்திருக்கிறது. அழகான சொல்தான். ஆனால் படித்து, பதிவு செய்து, ஷிப்ட் முறையில் வேலை பார்க்கும் ஒருவரை மகளாகவும் தாயாகவும் ஆக்கும்போது, அவருடைய திறமை பாசமாகச் சுருங்கிவிடுகிறது. பாசத்துக்கு யாரும் ஊதிய உயர்வு தருவதில்லை.

மூன்று வரியும் போய்விட்டது. தாளில் ஒன்றும் இல்லை. இனி எதை எழுதுவது? நான் வைத்துக்கொண்ட விதி எளிமையானது: கண்ணால் பார்த்தேனா, காதால் கேட்டேனா, அல்லது ஊகித்தேனா? ஊகித்தது எதுவும் வேண்டாம். பார்த்ததிலும் கேட்டதிலும் வேறு எந்த வார்டுக்கும் பொருந்தாததை மட்டும் எடுத்தேன். ‘அன்பாகப் பேசினார்’ எல்லா வார்டுக்கும் பொருந்தும். என்ன பேசினார் என்பது பொருந்தாது.

அம்மாவுக்கு வலது காது கேட்காது. சேர்த்த அன்று ஒரு சிஸ்டரிடம் சொன்னேன். இரவு எட்டு மணிக்குப் பணி மாறும்போது, போகிறவரும் வருகிறவரும் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நின்று விவரம் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் கட்டிலுக்கு வந்ததும் போகிறவர் சொன்னார்: “அம்மாக்கு வலது காது கேக்காது, இடது பக்கம் நின்னு பேசு.” மறுநாள் காலையில் வந்தவர், நான் ஒன்றும் சொல்லாமலே, கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் நின்றார். பதினொரு நாளில் நான் அதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ‘நல்ல கவனிப்பு’ என்று நான் மங்கலாக உணர்ந்ததற்கு இப்போது ஒரு நிகழ்ச்சி கிடைத்தது.

இப்படி ஒவ்வொன்றாகத் தேடினேன். ‘மணி அடித்தால் உடனே வருவார்’ என்று எழுதப்போய் நிறுத்தினேன். உடனே வரவில்லை, வரவும் முடியாது. வர முடியாதபோது வாசலில் தலை நீட்டி, “பத்து நிமிஷம்மா, அங்க ஒரு வேலை முடிச்சிட்டு வரேன்” என்றார். வந்தார். அதுதான் உண்மை, அதுதான் பெரிதும்கூட.

அம்மாவிடமும் கேட்டேன், நீ என்ன சொல்லணும் என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ராத்திரி டார்ச்சை மூஞ்சில அடிக்கமாட்டா. தரையில அடிச்சு அந்த வெளிச்சத்துல பாப்பா” என்றார். நான் பக்கத்திலேயே இருந்தும் கவனிக்காதது அது.

படுக்கைச் சட்டியை எடுத்தவர், பெருக்கித் துடைத்தவர் சிஸ்டர் அல்ல, ஆயாம்மா. என் முதல் வரைவில் அவர் இல்லவே இல்லை. டாக்டருக்குப் போகும் நன்றியில் நர்ஸ் மறைகிறார் என்று வருத்தப்பட்ட நானே, நர்சுக்குச் சொன்ன நன்றியில் ஆயாம்மாவை மறைத்திருந்தேன். அவருக்குத் தனிப் பத்தி வைத்தேன்.

கடைசியாகப் பெயர். புகார் எழுதும்போது பெயரைக் கேட்டு எழுதுகிறோம். பாராட்டும்போது மட்டும் ‘செவிலியர் அனைவருக்கும்’ என்கிறோம். அதனால் நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்குப் போகும் கடிதத்தில் முழுப் பெயர், வார்டு, தேதிகள், எந்தப் பணிநேரம் என்பதையெல்லாம் எழுதினேன். இணையத்தில் இட்ட மதிப்புரையில் வார்டும் பணிநேரமும் மட்டும். ஓர் இளம்பெண்ணின் முழுப் பெயரையும் வேலையிடத்தையும் ஊரறியப் போட்டால் அவரைத் தேடி வருபவர்கள் எல்லோரும் நன்றி சொல்ல வருபவர்களாக இருக்கமாட்டார்கள். இரண்டிலும் அம்மாவின் நோய் என்ன, மருந்து என்ன என்பது இல்லை. அது அம்மாவின் சொந்த விஷயம். இந்தக் கட்டுரையிலும் அது இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பெயர்களை எடுத்துவிட்டுக் கடிதத்தைத் தருகிறேன்:

“பெண்கள் வார்டில் என் தாயாருடன் பதினொரு நாள் இருந்தேன். அவருக்கு ஒரு காது கேட்காது என்பதை முதல் நாள் ஒருமுறை சொன்னேன். அதன்பின் எல்லாப் பணிநேரங்களிலும் வந்த சிஸ்டர்கள் இடது பக்கம் நின்றே பேசினார்கள். இரவுச் சிஸ்டர், தொடுவதற்கு முன் ‘இப்ப இந்தப் பக்கம் திருப்பப் போறேன்’ என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். உடம்பு துடைக்கும்போது திரையை இழுத்துவிட்டு, துடைக்காத பகுதியைப் போர்வையால் மூடியே வைத்திருந்தார். உடனே வர முடியாதபோது எவ்வளவு நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போனார், சொன்னபடி வந்தார். டார்ச் வெளிச்சத்தை முகத்தில் அடிக்காமல் தரையில் அடித்தார் என்பதைத் தாயார் எழுதச் சொன்னார்.

ஆயாம்மா தினமும் இரண்டு முறை கட்டிலுக்கு அடியிலும் பெருக்கினார். சட்டியை எடுக்கும்போது முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

இரவில் இருபத்து நான்கு கட்டில்களுக்கு இருவர் இருந்தார்கள். மூன்றாவதாக ஒருவர் இருந்தால் அவர்கள் உட்கார்ந்து சாப்பிட முடியும்.”

கடைசி வாக்கியம் நன்றிக் கடிதத்தில் வரலாமா என்று தயங்கினேன். அவர்கள் நின்றபடி டிபன் டப்பாவிலிருந்து சாப்பிட்டதைப் பலமுறை பார்த்தேன். பார்த்ததுதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மாவை மறுபடி காட்டப் போனபோது கடிதத்தை நேரில் கொடுத்தேன். அதற்கு முன் சிஸ்டரிடம் காட்டினேன். இந்த முறை கடைசிவரை சிரித்துக்கொண்டே படித்தார். “இதுல எதையும் எடுக்க வேண்டாம் மேடம்” என்றார். ஆயாம்மா தனக்குப் படிக்கத் தெரியாது என்றதால் அவர் பத்தியை நானே வாசித்துக் காட்டினேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

“ரெண்டு தடவை இல்லம்மா” என்றார். “மூணு தடவை பெருக்குவேன். சாயங்காலம் நீங்க டீ குடிக்கப் போயிருப்பீங்க.”

பேனாவை எடுத்து, இரண்டை அடித்து மூன்று என்று எழுதினேன்.