பால்மாத் தயிர்

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், வெள்ளவத்தை விடுதியொன்றில் நால்வர் தங்கியிருந்தோம். பசும்பால் விடியற்காலையில் வந்துபோய்விடும். இரவுப் பணி முடித்து உறங்கும் எமக்கு அது எட்டுவதேயில்லை. நால்வருக்கும் பொதுவாக 400 கிராம் பால்மாப் பைக்கற்று ஒன்று இருக்கும். மாதக் கடைசியில் சோற்றுக்கு வேறு கறியிராது. தயிர் உறையாவிட்டால் அன்றிரவு வெறுஞ்சோறுதான்.

தயிர் வைக்கும் பொறுப்பை எம்முள் மூத்தவரான ஒப்புநோக்குநர் ஏற்றிருந்தார். எழுத்துப்பிழையைத் தேடும் கண்ணாலேயே சட்டியையும் பார்ப்பார்.

பைக்கற்றின் ஐந்திலொரு பங்கு, அதாவது 80 கிராம் மாவுக்கு அரை லீற்றர் தண்ணீர் என்பது அவர் கணக்கு. குடிப்பதற்கென்றால் 65 கிராம் போதும். தயிருக்குச் சற்றுக் கூடுதலாகப் போட்டால்தான் கட்டியாக உறையும். மாவை முதலில் சிறிதளவு இளஞ்சூட்டு நீரில் களியாகக் குழைத்து, மீதி நீரைப் பின்னர் சேர்ப்பார். கொதிநீரில் நேரே கொட்டினால் மா கட்டிபட்டுவிடும்; அக்கட்டிகள் தயிரிலும் மணல்போல் நாவில் தட்டும்.

"கரைச்ச பாலை ஏன் அண்ணை திரும்பக் காய்ச்சிறியள்? மா ஏற்கனவே காய்ச்சினதுதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காய்ச்சாமல் உறை விட்டால் தயிர் தளதளவெண்டு கிடக்கும் தம்பி" என்றார்.

காரணத்தைப் பின்னாளில் வாசித்தறிந்தேன். பால் கொதிநிலையை நெருங்கிச் சிறிதுநேரம் நிற்கும்போது, அதிலுள்ள மோர்ப்புரதம் உருக்குலைந்து மற்றைப் புரதத்தோடு பிணைகிறது. அப்பிணைப்பே நீரைப் பிடித்துவைத்துத் தயிரை இறுக்குகிறது. குழாய்நீரிலுள்ள கிருமிகளும் அச்சூட்டில் அழிகின்றன.

அடுத்துப் பால் ஆறவேண்டும். சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பத்து எண்ணும்வரை தாங்க முடிந்தால், அது 45 பாகைக்கு அண்மித்த சூடு. அதைவிட மிகச் சூடாயின் உறையிலுள்ள பக்ரீரியாக்கள் மடிந்து, காலையிலும் பால் பாலாகவே இருக்கும். நன்கு ஆறிவிட்டாலோ உறைவதற்கு நெடுநேரமாகும். ஒரு மேசைக்கரண்டி தயிரைக் கரைத்துவிட்டு, சட்டியைப் பழைய பத்திரிகைத் தாள்களால் சுற்றி மூலையில் வைப்பார். ஆறேழு மணித்தியாலம் அதை அசைக்கக்கூடாது. தயிர் இல்லாத நாளில் கடை யோகட்டே உறை. சீனி சேர்ந்ததாயினும் உறையும். ஆனால் சூடாக்கிப் பதப்படுத்தாத, உயிருள்ள பக்ரீரியா கொண்டதாக அது இருக்கவேண்டும்.

கோப்பிக்கு இடும் வெண்பொடியைக் கொண்டு இதனைச் செய்ய முயலவேண்டாம். அதில் பாற்புரதம் மிகச் சொற்பம் என்பதால், எவ்வளவு உறை விட்டாலும் இறுகாது.

சட்டியைச் சரிக்கும்போது தயிர் ஒரே துண்டாக ஓரத்தை விட்டு விலகினால் பதம் சரி. மேலே மஞ்சள்நீர் நிறையத் தேங்கியிருந்தால், நேரம் கடந்து புளிப்பேறிவிட்டது என்று பொருள். அந்நீரைக் கொட்டாமல் இரசத்தில் சேர்த்துக்கொள்வோம்.

உண்ணத் தொடங்குமுன் ஒரு கரண்டித் தயிர் மறுநாள் உறைக்கென எடுத்துவைக்கப்படும். சில நாட்களில் புளிப்புக் கூடி வரும்போது, புதிய யோகட் ஒன்றை வாங்குவோம்.