கொம்பும் எலும்பும் ஒரு கைத்தடிக் குமிழும்

புத்தளத்திலிருந்து வடக்கே, வில்பத்துக் காட்டின் எல்லையை நோக்கிப் போகும் வழியில் உள்ளது கரைத்தீவு. ஒரு பக்கம் யானை நடமாடும் காடு. மறுபக்கம் கடற்பசு மேயும் ஆழங் குறைந்த கடல். இந்த இரண்டு விலங்குகளும் நம் கட்டுரையில் வரப்போகின்றன. இரண்டாவது ஏன் வருகிறது என்பதைப் போகப் போகச் சொல்லுகிறோம்.

இக்கரையோர வீடுகளின் பழைய பெட்டகங்களில், வெளுத்து மஞ்சள் பாய்ந்த சிறு பொருள்கள் சில கிடக்கின்றன. “யானைக் கொம்பு” என்று வீட்டார் நம்புவார்கள். பிள்ளையின் படிப்புச் செலவு வரும்போது, வலைக்கடன் முற்றும்போது, அவை வெளியே வருகின்றன. அவற்றை மணந்தறிந்து தரகரும் வருகிறார். தரகருடைய தொழிற்சாதுரியம் மிக எளியது. வாங்கும்போது அது எலும்பு. விற்கும்போது அதே பொருள் தந்தம்.

அத்தகைய ஒரு வீட்டில் மூன்று பொருள்களைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஒரு கைத்தடியின் குமிழ், ஒரு கத்தியின் பிடி, ஒரு காப்பு. தடியைச் செல் அரித்துவிட்டது. குமிழ் மட்டுமே எஞ்சியிருந்தது. “எல்லாம் மாட்டெலும்பு, ஆச்சி. பழசு எண்டபடியால் இரண்டாயிரம் தாறன்” என்று தரகர் சொல்லிப் போயிருந்தார். பேத்தியின் பல்கலைக்கழகச் செலவு ஆச்சியின் முன்னே நின்றது. இரண்டாயிரத்தை வாங்கிக் கொள்ளலாமா, லண்டனில் இருக்கும் மருமகனுக்கு அனுப்பி நல்ல விலைக்கு விற்கலாமா என்பதே ஆச்சியின் கேள்வி.

பக்கத்து வீட்டு இளைஞர் ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கலாம் என்றார். இது பலரும் செய்யும் சோதனைதான். தந்தமும் எலும்பும் உருகா, மயிர் கருகும் வாடை வீசும், பிளாஸ்டிக் உருகும். ஆனால் தந்தமும் எலும்பும் ஒரே வாடையையே தருவதால், நமக்கு வேண்டிய முதல் வேறுபாடே இச்சோதனையில் கிடைப்பதில்லை. பொருளிலும் வடு விழுந்துவிடும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழைய போலித் தந்தம் பெரும்பாலும் செலுலாயிட்டாக இருக்கும். அது பழைய சினிமாச் சுருள் செய்யப்பட்ட பண்டம். நெருப்புப் பட்டால் குபீரென்று பற்றிக்கொள்ளும். ஊசியை வைத்துவிடச் சொன்னோம்.

காப்பை முதலில் எடுத்தோம். கையில் அது மிக இலேசாக இருந்தது. மேற்பரப்பிலே ஒன்றுக்கொன்று சமதூரத்தில், அளவுகோல் வைத்துக் கீறியதுபோன்ற நேர்கோடுகள். மரத்தின் வைரம் போலத் தந்தத்திலும் நெடுக்கில் ரேகை உண்டு. ஆனால் அது மங்கலாகவும் சற்றே நெளிந்தும் ஓடும், இவ்வளவு ஒழுங்காக ஓடாது. நாணயத்தாளைச் சோதிக்கக் கடைக்காரர் வைத்திருக்கும் புற ஊதா விளக்கை இருட்டில் காட்டினோம். தந்தமும் எலும்பும் அவ்வொளியில் நீலங் கலந்த வெண்மையாக ஒளிரும். காப்போ மங்கிக் கிடந்தது. செலுலாயிட் என்று முடிவு செய்தோம். இவ்விளக்கு பிளாஸ்டிக்கை மட்டுமே பிரித்துக் காட்டும். எலும்பையும் தந்தத்தையும் பிரிக்க உதவாது.

கத்திப் பிடிக்குக் கைவில்லை போதுமாயிருந்தது. உயிருள்ள எலும்பில் இரத்தம் ஓடும். அது ஓடிய நுண்குழாய்கள் உலர்ந்தபின் அழுக்கேறி, குறுக்கு வெட்டிலே கரும்புள்ளிகளாகவும் நெடுக்கிலே சிறு கீறல்களாகவும் தோன்றும். தந்தம் என்பது பல். அதில் இரத்தக் குழாய் ஓடுவதில்லை. ஆகையால் இப்புள்ளிகள் இரா. பிடி முழுவதும் புள்ளி மயமாக இருந்தது. அது எலும்பேதான்.

எலும்பென்றால் சட்டச் சிக்கல் இல்லை என்று நிம்மதி கொள்வதற்கில்லை. இங்கேதான் கடற்பசு வருகிறது. ஆவுளியா என்று கடலோடிகள் சொல்லும் அவ்விலங்கின் விலா எலும்புகள் உட்குழிவின்றிக் கல்போல் கனத்தவை. இழைத்தால் தந்தம்போல் மெருகேறும். அதுவும் 1970 முதல் இந்நாட்டுச் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டது. மாட்டெலும்பா, ஆவுளியா எலும்பா என்பதை இழைத்து முடித்த ஒரு துண்டைக் கண்ணாற் பார்த்து உறுதி சொல்ல இயலாது. ஆய்வுக்கூடத்துக்கே அது வெளிச்சம். “எலும்புதான்” என்ற தரகர் வாக்கு விற்பவரை எவ்வகையிலும் காப்பாற்றாது.

எஞ்சியது குமிழ். தடியிலிருந்து கழன்றதால் அதன் அடி வட்டம் திறந்திருந்தது. தந்தத்தை அறிய இதைவிட நல்ல இடம் கிடையாது. யானைத் தந்தத்தின் குறுக்கு வெட்டிலே இரண்டு தொகுதி வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டி, பாய் முடைந்தாற்போல ஒரு கோலத்தை உண்டாக்கும். செரிகர் கோடுகள் என்பது அவற்றின் பெயர். எந்தப் போலிப் பொருளிலும் இக்கோலத்தை உண்மைபோல் அமைக்க முடிவதில்லை. குமிழின் அடியை ஈரத்துணியால் துடைத்து வெளிச்சத்திற் சாய்த்தபோது பாய் தெரிந்தது. அடிப்பக்கத்தைப் பிரதியெடுக்கும் இயந்திரத்தில் வைத்துப் பெருப்பித்து, விளிம்பை ஒட்டிய கோடுகள் வெட்டும் கோணத்தைப் பள்ளிப்பிள்ளையின் பாகைமானியால் அளந்தோம். மையத்துக் கோடுகள் நெருங்கிக் குழம்புவதால் அவற்றை அளக்கக் கூடாது. பனியுகத்து மாமூத் தந்தமாயின் கோணம் 90 பாகைக்கு உட்படும். இன்றைய யானையாயின் 115 பாகைக்கு மேற்படும். நாம் அளந்த இடங்களெல்லாம் 120 பாகையைத் தாண்டின. யானைத் தந்தம்.

ஆனால் எந்த யானை? ஆசிய யானையா, ஆபிரிக்க யானையா என்பதைக் கோடுகள் சொல்லமாட்டா. இலங்கையின் ஆண் யானைகளில் நூற்றுக்கு ஏழு அளவிலேயே கொம்பன்கள் உண்டு என்பர். ஆகவே காடு பக்கத்தில் இருக்கிறது என்பதனாலேயே குமிழ் உள்ளூர்க் கொம்பென்று கொள்ள வேண்டியதில்லை. வயதையும் கோடுகள் சொல்லா. மஞ்சள் நிறத்தை வயதுக்குச் சான்றாகக் கொள்வது வீண். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் ஒரு வாரத்திலேயே நூறாண்டு ஏறிவிடும். உண்மையான வயதறியக் கரிமம்-14 சோதனை உண்டு. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் அக்கரிமத்தை மிகுவித்தன. அதற்குப் பின் வளர்ந்த தந்தத்தில் அதன் தடம் இருக்கும். மனித குலத்தை அச்சுறுத்திய அந்தப் புகை இன்று கள்ளக் கொம்பைக் காட்டிக் கொடுக்கிறது! அச்சோதனைக்கு ஆகும் செலவு குமிழின் விலையையும் விழுங்கிவிடும் என்பது வேறு விஷயம்.

சட்டம் கேட்பது சான்றை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையையும் அதன் கொம்பையும் காக்கிறது. வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி கையில் இல்லாமல் பொருளை விற்பதோ, தபாலில் ஏற்றுவதோ ஆபத்து. சர்வதேச ஒப்பந்தத்தில் ஆசிய யானை 1975 முதல் முதலாம் அட்டவணையில் இருக்கிறது. எல்லை கடப்பதற்கு, அந்நாளுக்கு முற்பட்ட பொருளென்று காட்டும் அதிகாரபூர்வச் சான்றிதழ் வேண்டும். “அப்பா காலத்துப் பொருள்” என்ற வாய்ச்சொல் செல்லாது. அந்தக் காலத்துப் புகைப்படமோ, உறுதியோ, பற்றுச்சீட்டோ இருந்தால் மட்டுமே பேசத் தொடங்கலாம்.

லண்டன் வழியும் ஏறக்குறைய அடைபட்டதே. பிரித்தானியத் தந்தச் சட்டம் 2018இல் நிறைவேறி 2022 ஜூன் 6இல் நடைமுறைக்கு வந்தது. 1947க்கு முற்பட்டு, கன அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தந்தம் கொண்ட பொருளைப் பதிவுசெய்து விற்க அது இடந்தருகிறது. முழுத் தடியாக இருந்திருந்தால் இவ்விலக்கைக் கேட்டுப் பார்த்திருக்கலாம். செல் தடியைத் தின்றதால் குமிழ் இப்போது முழுக்க முழுக்கத் தந்தம். மீறினால் ஐந்தாண்டுச் சிறையோ, இரண்டரை இலட்சம் பவுண் வரை அபராதமோ மருமகனுக்குக் காத்திருக்கும். தரகரோ எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வைக்கிறவர் அல்லர்.

விலையில்லாத பொருளாக ஏன் இதை ஆக்கினார்கள் என்று ஆச்சி கேட்டார். 2012இல் கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்ட 359 ஆபிரிக்கக் கொம்புகளைப் பற்றிச் சொன்னோம். ஒன்றரைத் தொன் எடை. 2016 ஜனவரி 26இல் காலிமுகத்திடலில் அவை நொறுக்கப்பட்டன. நொறுங்கியவை எரிப்பதற்காக இந்தப் புத்தளத்துச் சீமெந்து ஆலையின் உலைக்குத்தான் அனுப்பப்பட்டன. பழைய கொம்பென்ற போர்வை இருக்கும்வரை புதிய கொம்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும். இரண்டையும் கண்ணாற் பிரிக்க முடியாது என்பதை ஆச்சியே அன்று மாலை கண்டிருந்தார்.

குமிழைத் தரகருக்குக் கொடுக்கவில்லை. அளவையும் படத்தையும் இணைத்துத் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதப்பட்டிருக்கிறது. பேத்தியின் விடுதிக் கட்டணத்துக்குக் காப்பும் கத்தியும் ஒரு சதமும் தரப்போவதில்லை. அதற்குப் புலமைப்பரிசில் விண்ணப்பம் ஒன்றைத் தனியே நிரப்பினோம்.